பணியாளர் பொதுப்பட்டியலில் ‘ரிப்ளை ஆல்’ புயல்: எந்தத் தடுப்பு எதற்கு?

2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நான் மின்னஞ்சல் சேவையைக் கவனித்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், ஒரு பிரிவினர் மட்டும் நிரப்ப வேண்டும் என்று மனிதவளப் பிரிவு அனுப்பிய படிவம் ஒன்று 4,200 பேர் கொண்ட அனைத்துப் பணியாளர் பட்டியலுக்குத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த 50 நிமிடங்களில் 47 பேர் ‘ரிப்ளை ஆல்’ அழுத்திப் பதில் எழுதினார்கள். அவர்களில் 19 பேர் “இது எனக்குரியதல்ல” என்றார்கள். 14 பேர் பட்டியலிலிருந்து தங்களை நீக்கச் சொன்னார்கள். 9 பேர் “தயவுசெய்து அனைவருக்கும் பதில் அனுப்பாதீர்கள்” என்று அனைவருக்கும் பதில் அனுப்பினார்கள். மீதி 5 பேர் எழுதியதை இங்கே சொல்வதற்கில்லை. 47 பதில்களை 4,200 ஆல் பெருக்கினால் 1,97,400 அஞ்சல்கள். சேமிப்பிடத்துக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் எல்லோருடைய கைப்பேசியும் ஒரு மணி நேரம் ஓயாமல் ஒலித்தது, வழக்கமான அஞ்சல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன, அந்தப் பிரிவினர் நிரப்ப வேண்டிய மூலப் படிவமோ யார் கண்ணிலும் படாமல் அடியில் போய்விட்டது.

பெரிய பட்டியலில் புயல் எழுவதற்குப் பலர் தவறு செய்ய வேண்டியதில்லை. 2016 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் மின்னஞ்சல் அமைப்பில் ஒரு சோதனை அஞ்சல் ஏறத்தாழ 8,40,000 பேருக்குப் போனபோது, 75 நிமிடங்களில் சுமார் 50 கோடி அஞ்சல்கள் பறந்ததாகச் செய்திகள் கூறின. வகுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 600 பதில்கள்தான், அதாவது ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே 1997 அக்டோபர் 14 அன்று ‘பெட்லம் டிஎல்3’ என்ற பட்டியலில் நடந்ததும் இதே வகைதான். சுமார் 13,000 பேர் இருந்த அந்தப் பட்டியலில் “நானும்தான், என்னையும் நீக்குங்கள்” என்ற பதில்களே அஞ்சல் சர்வர்களை முடக்கின. எனவே “ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்போம்” என்பதை நான் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆயிரத்தில் 999 பேர் பயிற்சியை மறக்காமல் கடைப்பிடித்தாலும் புயல் வரும்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் எங்கள் முன்னால் நான்கு தெரிவுகள் வைக்கப்பட்டன. பட்டியலுக்கு எழுதும் உரிமையைச் சிலருக்கு மட்டும் தருவது. எவரும் எழுதலாம், ஆனால் மட்டுறுத்துநர் ஒப்புதலுக்குப் பிறகே அஞ்சல் போகும் என்று வைப்பது. பதில்களின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தொட்டதும் தானாகவே தடுக்கும் புயல் காப்பை இயக்குவது. அஞ்சல் சுழலைத் தடுக்கும் வரம்புகளைக் குறைப்பது. கூட்டத்தில் முதலில் கைதட்டல் வாங்கியது நான்காவது. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்பதால் அது எளிதாகத் தோன்றியது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் அஞ்சல் ஒவ்வொரு சர்வரைக் கடக்கும்போதும் அதன் தலைப்பகுதியில் ஒரு `Received` வரி சேர்கிறது. இரண்டு முகவரிகள் ஒன்றுக்கொன்று திருப்பிவிடும்படி அமைந்துவிட்டால் அந்த அஞ்சல் சுற்றிச் சுற்றி வரும். வரிகள் ஏறிக்கொண்டே போகும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் சர்வர் அதை மறுத்துவிடும். மின்னஞ்சலின் அடிப்படை விதிநூலான ஆர்.எஃப்.சி. 5321 இந்த வரம்பு பொதுவாகக் குறைந்தது 100 ஆக இருக்கட்டும் என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரில் `hopcount_limit` இயல்பாக 50. அலுவலகத்திலேயே நிறுவிக்கொள்ளும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் `MaxHopCount` இயல்பாக 60.

இந்த வரம்பால் ‘ரிப்ளை ஆல்’ புயலில் ஒரே ஓர் அஞ்சலைக்கூடத் தடுக்க முடியாது. ஒருவர் பதில் எழுதும்போது பிறப்பது பழைய அஞ்சலின் தொடர்ச்சி அல்ல, புதிய அஞ்சல்; ஒவ்வோர் அஞ்சலுக்கும் உரிய தனி அடையாளமான `Message-ID` அதற்குப் புதிதாகக் கிடைக்கிறது, `Received` கணக்கும் முதலிலிருந்து தொடங்குகிறது. எங்கள் 47 பதில்களில் ஒன்றுகூட வரம்பின் பக்கத்தில் போகவில்லை. அதை 10 ஆகக் குறைக்கலாம் என்று சொன்ன நண்பருக்கு, வெளி வடிகட்டி ஒன்றைக் கடந்து எங்களிடம் வந்த சாதாரண அஞ்சல் ஒன்றின் தலைப்பகுதியைத் திறந்து காட்டினேன். அதில் ஏற்கெனவே 9 `Received` வரிகள் இருந்தன. வரம்பைக் குறைத்திருந்தால் புயல் அப்படியே வீசியிருக்கும், வாடிக்கையாளர் கடிதங்கள் மட்டும் திரும்பிப் போயிருக்கும்.

இதனால் சுழல் என்பதே இல்லாத சிக்கல் என்று ஆகிவிடாது. மனிதர்களின் புயலும் இயந்திரங்களின் சுழலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் மருந்து வேறு. பிரித்தறிய, வந்து குவிந்த அஞ்சல்களில் நாலைந்தின் தலைப்பகுதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரே `Message-ID` திரும்பத் திரும்ப வந்து, `Received` வரிகள் மட்டும் கூடிக்கொண்டே போனால் அது திருப்பிவிடும் விதியால் வந்த சுழல். வரம்பு அதைத் தானே வெட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் வேறு `Message-ID`, வேறு வேறு அனுப்புநர், ஆனால் `References` வரியில் ஒரே மூல அஞ்சல் என்றால் எழுதுகிறவர்கள் மனிதர்கள். `Message-ID` ஒவ்வொன்றும் வேறாக இருந்து, அனுப்புநர் ஓரிருவர் மட்டுமே என்றால், `Auto-Submitted: auto-replied` என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த மூன்றாவது வகைதான் மோசமானது. உதவி மையத்தின் முகவரி, அதாவது அஞ்சல் வந்ததும் கோரிக்கை எண் ஒன்றைப் பதிவு செய்து “உங்கள் கோரிக்கை கிடைத்தது” என்று தானாகப் பதில் எழுதும் முகவரி, யாரோ எப்போதோ சேர்த்ததால் அனைத்துப் பணியாளர் பட்டியலிலும் உறுப்பினராக இருக்கும். அது பட்டியலுக்கே பதில் எழுதும்படி அமைந்திருந்தால் தன் பதிலைத் தானே பெற்று மறுபடியும் பதில் எழுதும். ஒவ்வொரு பதிலும் புதிய அஞ்சல் என்பதால் `Received` வரம்பு இதையும் பிடிக்காது. தானியங்கிப் பதில்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஆர்.எஃப்.சி. 3834, `Auto-Submitted` அடையாளம் உள்ள அஞ்சலுக்கு இன்னொரு தானியங்கி பதில் சொல்லக் கூடாது என்கிறது. ஆனால் அந்த அடையாளத்தைப் போடாத மென்பொருள்களும், வந்ததைப் பார்க்காத மென்பொருள்களும் நிறைய உண்டு. ஆகவே சுழலைப் பொறுத்தவரை என் முடிவு எளிது: எண்ணைத் தொட வேண்டாம், தானாகப் பேசும் முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். விடுப்பில் இருப்பவர்களின் தானியங்கிப் பதில், பட்டியலுக்கு எழுதியவருக்குப் போகாமலிருக்க எக்ஸ்சேஞ்சில் `SendOofMessageToOriginatorEnabled` என்ற அமைப்பு இருக்கிறது. அது `$false` என்று இருக்கிறதா என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

மட்டுறுத்தல்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் தீர்வு, நியாயமாகவும் தோன்றும். எவருடைய வாயையும் அடைக்க வேண்டாம். இரத்தம் தேவை என்று ஒருவர் அவசரமாக எழுதலாம், காணாமற்போன அடையாள அட்டையைப் பற்றி இன்னொருவர் எழுதலாம். மட்டுறுத்துநர் பார்த்து அனுப்பிவைப்பார். எக்ஸ்சேஞ்சின் இணையவழிச் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இதை இயக்க ஒரு கட்டளை போதும்:

```
Set-DistributionGroup allstaff@example.org `
  -ModerationEnabled $true `
  -ModeratedBy mod1@example.org,mod2@example.org `
  -SendModerationNotifications Internal
```

நாங்களும் முதலில் இதைத்தான் செய்தோம். மூன்று மாதம் கழித்து ஒரு மூத்த அதிகாரியின் ஓய்வு அறிவிப்பு பட்டியலுக்குப் போனது. வாழ்த்துகள் வரத் தொடங்கின. பட்டியலில் இருந்தவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை, ஏனென்றால் புயல் முழுவதும் இரண்டு மட்டுறுத்துநர்களின் மெயில்பாக்ஸுக்குள் இடம் மாறியிருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ‘ஒப்புக்கொள்’, ‘நிராகரி’ என்ற இரண்டு பொத்தான்களோடு ஓர் அஞ்சல் இருவருக்கும் வந்தது. இருவரில் யார் முதலில் அழுத்துகிறாரோ அவர் முடிவே முடிவு. பேருந்தில் இருந்த ஒருவர் கைப்பேசியில் வரிசையாக நிராகரித்துக்கொண்டே வந்தபோது ஒன்றில் மட்டும் விரல் தவறி ‘ஒப்புக்கொள்’ மேல் பட்டது. அந்த ஒரு வாழ்த்து 4,200 பேருக்குப் போனது. அதைப் பார்த்தவர்கள் வழி திறந்திருக்கிறது என்று எண்ணி மேலும் எழுதினார்கள்.

மட்டுறுத்தலின் மற்றொரு குறை இதற்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது. மட்டுறுத்துநர்கள் இருவரும் விடுப்பில் இருந்தால் அஞ்சல் காத்துக் கிடக்கும்; எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இரண்டு நாட்களுக்குப் பிறகு காலாவதியாகி, அனுப்பியவருக்கு அறிவிப்புப் போகும். இரத்தம் தேவை என்று எழுதியவருக்கு இரண்டு நாள் என்பது எந்தப் பயனும் இல்லாத காலம். மெயில்மேன் போன்ற மென்பொருளில் பட்டியல் நடத்துகிறவர்களுக்கு அவசர மட்டுறுத்தல் என்ற அமைப்பு உண்டு. அதை இயக்கியதும் எல்லா அஞ்சலும் நிறுத்திவைக்கப்படும். புயலின் நடுவில் அது நல்ல கருவி. ஆனால் புயல் ஓய்ந்த பிறகு, நிறுத்திவைத்தவற்றைப் பார்க்காமல் மொத்தமாக ஒப்புக்கொண்டால், அடக்கிவைத்த புயல் முழுவதும் ஒரே நொடியில் வெளியே வரும்.

எழுதும் உரிமையைச் சிலருக்கு மட்டும் தருவது மட்டுறுத்தலைவிடக் கடுமையாகத் தெரிந்தாலும், புயலின்போது அது நடந்துகொள்ளும் விதம் மென்மையானது. உரிமை இல்லாதவர் பதில் எழுதினால் அஞ்சல் உடனே திரும்பி வரும். இடையில் எந்த மனிதரும் முடிவெடுக்க வேண்டியதில்லை, எவர் விரலும் தவற வாய்ப்பில்லை. அதைவிடப் பயனுள்ளது, அவுட்லுக்கில் பதில் எழுதத் தொடங்கும்போதே இந்தப் பட்டியலுக்கு அனுப்ப அனுமதி இல்லை என்ற குறிப்பு மேலே தோன்றிவிடுவது. பலர் அதைப் பார்த்து அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதை ஊகத்தில் முடிவு செய்யாமல், பட்டியலின் பழக்கத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அஞ்சல் தடம் பார்க்கும் வசதி 90 நாட்கள் வரை பின்னோக்கிக் காட்டும். எங்கள் பட்டியலுக்கு அந்த 90 நாட்களில், பதில்களைத் தவிர்த்து, 41 புதிய அஞ்சல்கள் போயிருந்தன. அவற்றில் 39 ஒன்பது முகவரிகளிலிருந்து வந்தவை. மற்ற இரண்டும் காணாமற்போன பொருள் பற்றியவை. இரண்டு அஞ்சல்களுக்காக இரண்டு மனிதர்களை மூன்று மாதம் காவலுக்கு நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்பது முகவரிகளுக்கு மட்டும் உரிமை கொடுத்தோம். மற்றவர்கள் வரவேற்பறை முகவரிக்கு எழுதினால் அங்கிருப்பவர் பார்த்துப் பட்டியலுக்கு அனுப்புவார் என்று வைத்தோம். உங்கள் பட்டியலில் முப்பது, நாற்பது பேர் வழக்கமாக எழுதுகிறார்கள் என்று தடம் காட்டினால் கணக்கு மாறும். அங்கே மட்டுறுத்தல்தான் பொருத்தம், ஆனால் மட்டுறுத்துநர்கள் குறைந்தது நால்வர் வேண்டும்.

இவ்விரண்டில் ஒன்றைப் பெரிய பட்டியல்கள் கட்டாயம் கொண்டிருக்க வேண்டும் என்பது எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனின் விதியே. 5,000 உறுப்பினர்களிலிருந்து அது தொடங்குகிறது. எங்கள் 4,200 அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததால்தான் ஆண்டுக்கணக்காக எந்தப் பூட்டும் இல்லாமல் கிடந்தது. மூன்றாவது தெரிவான புயல் காப்பும் அதே காரணத்தால் அன்று கைகொடுக்கவில்லை. 2020 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அதை அறிமுகப்படுத்தியபோது, 60 நிமிடங்களுக்குள் 5,000-க்கும் மேற்பட்ட பெறுநர்களுக்கு 10 ‘ரிப்ளை ஆல்’ பதில்கள் போனால் மட்டுமே அது விழித்துக்கொள்ளும். பின்னர் அந்த எண்களை நிர்வாகிகளே மாற்றிக்கொள்ள வழி திறந்தது. இப்போது இயல்பான அமைப்பு 2,500 பெறுநர், 10 பதில், 6 மணி நேரத் தடை; பெறுநர் எண்ணிக்கையை 1,000 வரையிலும் பதில் எண்ணிக்கையை 2 வரையிலும் இறக்கலாம்.

```
Set-TransportConfig `
  -ReplyAllStormProtectionEnabled $true `
  -ReplyAllStormDetectionMinimumRecipients 1000 `
  -ReplyAllStormDetectionMinimumReplies 4 `
  -ReplyAllStormBlockDurationHours 6
```

இதன் இயல்பைப் புரிந்துகொள்ள, எங்கள் பழைய புயலையே இதன் வழியாக ஓட்டிப் பார்க்கலாம். 10 பதில்களில் விழித்திருந்தால் 1,97,400-க்குப் பதிலாக ஏறத்தாழ 42,000 அஞ்சல்கள் போயிருக்கும். 4 பதில்களில் விழித்திருந்தால் ஏறத்தாழ 16,800. அதாவது இது புயலைச் சுருக்குகிறது, வராமல் தடுக்கவில்லை. முதல் சில பதில்கள் எப்படியும் எல்லோரையும் சென்றடையும். 1,000 பேருக்குக் குறைந்த பட்டியலுக்கு இது உதவவும் உதவாது. 800 பேர் பட்டியலில் 47 பதில்கள் வந்தால் அதுவும் நல்ல தலைவலிதான். இன்னொன்று, தடை விழுவது அந்த உரையாடல் இழையின்மீது. எனவே தவறாகப் போன படிவத்துக்கு மனிதவளப் பிரிவு அதே இழையில் ‘ரிப்ளை ஆல்’ மூலம் திருத்தம் அனுப்ப முயன்றால், அந்தத் திருத்தமும் தடைபடும். திருத்தம் எப்போதும் புதிய தலைப்போடு புதிய அஞ்சலாகப் போக வேண்டும் என்பதை அந்த ஒன்பது பேருக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே இதை நான் முதன்மைப் பூட்டாகக் கருதவில்லை. ஆனால் செலவில்லாதது, எவரையும் தொந்தரவு செய்யாதது, நாம் மறந்துபோன பட்டியல்களுக்கும் சேர்த்துக் காவல் நிற்பது. உரிமைக் கட்டுப்பாடு ஒரு பட்டியலைக் காக்கும். இது அமைப்பு முழுவதையும் காக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று இவற்றை எதிரெதிரே நிறுத்தியது எங்கள் முதல் கூட்டத்தின் பிழை.

பூட்டுகளைப் போட்ட பிறகும் இரண்டு சந்துகள் திறந்திருக்கும். முதலாவது, பட்டியலுக்குள் பட்டியல். அனைத்துப் பணியாளர் பட்டியலின் உறுப்பினர்கள் தனித்தனி மனிதர்களாக இல்லாமல் கிளைவாரியான துணைப் பட்டியல்களாக இருந்தால், மேல் பட்டியலில் போட்ட கட்டுப்பாடு துணைப் பட்டியலுக்கு நேரடியாக எழுதுகிறவரைத் தடுக்காது. எங்களிடம் அப்படி ஏழு இருந்தன, அவற்றில் ஒன்றில் மட்டும் 1,900 பேர். ஏழிலும் தனித்தனியாகவே கட்டுப்பாட்டை வைக்க வேண்டியிருந்தது. மட்டுறுத்தலைத் தேர்ந்தவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: மேல் பட்டியலின் மட்டுறுத்துநர் ஒப்புக்கொண்ட அஞ்சல், துணைப் பட்டியலின் மட்டுறுத்துநரிடம் மறுபடியும் போய் நிற்கும். அதைத் தவிர்க்க மேல் பட்டியலில் `BypassNestedModerationEnabled` என்பதை `$true` ஆக்க வேண்டும்.

இரண்டாவது சந்து பலருக்குத் தெரியாது. அவுட்லுக்கில் பட்டியலின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் பட்டியல் விரிந்து, எல்லா உறுப்பினர்களின் முகவரிகளும் பெறுநர் கட்டத்தில் நிரம்பிவிடும். அதன் பிறகு அந்த அஞ்சலில் பட்டியல் என்பதே இல்லை. எனவே பட்டியலில் போட்ட உரிமைக் கட்டுப்பாடும் மட்டுறுத்தலும் அதற்குப் பொருந்தாது. அதற்கு ‘ரிப்ளை ஆல்’ செய்கிறவர்களும் நேராக ஆட்களுக்கே எழுதுகிறார்கள். இதைத் தடுப்பது ஓர் அஞ்சலுக்கான பெறுநர் வரம்பு. பட்டியல் விரியாமல் இருக்கும்வரை அது ஒரே பெறுநராகவே எண்ணப்படும் என்பதால், வரம்பைக் குறைவாக வைப்பதால் பட்டியலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இயல்பான வரம்பு 500. நாங்கள் 200 ஆக்கினோம்.

```
Get-Mailbox -ResultSize Unlimited |
  Set-Mailbox -RecipientLimits 200
```

இவ்வளவுக்கும் பிறகு, எந்தப் பூட்டும் இல்லாத ஏதோ ஒரு பட்டியலில் புயல் தொடங்கிவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அஞ்சல் ஓட்ட விதி ஒன்றை எழுதி, அந்தத் தலைப்போடு வரும் பதில்களைச் சத்தமின்றி அழிக்கலாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ‘பெறுநர் இவர்’ என்ற நிபந்தனையில் பட்டியலின் முகவரியைக் கொடுப்பது. அந்த நிபந்தனை தனி ஆட்களின் முகவரிக்கு உரியது, பட்டியலுக்குப் பொருந்தாது. விதி இருந்தும் அஞ்சல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தலைப்பகுதியைப் பார்க்கும் `AnyOfToCcHeader` நிபந்தனையைத்தான் கொடுக்க வேண்டும். புதிய விதி நடைமுறைக்கு வர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், 50 நிமிடத்தில் தானே ஓயும் புயலுக்கு இது பெரும்பாலும் தாமதமாக வந்து சேரும் மருந்து. பட்டியலுக்கு எழுதும் உரிமையை ஒரே ஒருவருக்கு மட்டும் சுருக்கும் கட்டளையைத் தயாராக எழுதி வைத்திருப்பதே மேல்.

புதிய ஏற்பாட்டுக்குப் பின் ஒருமுறை மனிதவளப் பிரிவு மறுபடியும் தவறான படிவம் ஒன்றைப் பட்டியலுக்கு அனுப்பியது. மதிய உணவு முடிந்து வந்து அஞ்சல் தடத்தைப் பார்த்தபோது, பட்டியலின் பெயருக்கு எதிரே 31 பதில்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் நிலையும் `Failed`. மூலப் படிவத்துக்குப் பின் பணியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஓர் அஞ்சல். அது புதிய தலைப்போடு மனிதவளப் பிரிவு அனுப்பிய திருத்தம்.